இரவுப் பணியில் ஒரு மெல்லிய கசிவு: டிஎன்எஸ் வழியே வெளியேறும் தரவைப் பிடிப்பது எப்படி

பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் இரவுப் பணியில்தான் உட்கார வைப்பார்கள். பெரும்பாலான இரவுகளில் எதுவும் நடக்காது. நடக்கும்போதும் அலாரம் அடித்துக்கொண்டு வராது. அப்படிப்பட்ட ஓர் இரவைக் கதையாகச் சொல்லி, அதன் வழியே வேலை முறையை விளக்குகிறேன். ஆய்வாளரும் நிறுவனமும் கற்பனை. டொமைன் பெயரும் வெளி முகவரியும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கணக்குகள் மட்டும் நிஜம். காகிதத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: இரவில் குறையாத கோட்டைத் தேடுங்கள்

இரவு இரண்டரை மணி. அவள் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. எச்சரிக்கைப் பட்டியல் காலியாக இருந்ததால் டிஎன்எஸ் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தாள். பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் அந்தக் கேள்விகள் பகலில் மணிக்கு இரண்டு லட்சம் போகும்; அந்த நேரத்தில் ஆறாயிரமாக இறங்கியிருந்தன. அதில் வியப்பில்லை. டொமைன் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. ஒரே ஒரு டொமைனுக்கான கேள்விகள் பகலிலும் மணிக்குத் தொள்ளாயிரம், இரவிலும் தொள்ளாயிரம்.

இரவுப் பணிக்காரருக்குக் கிடைக்கும் சாதகம் இதுதான். இரண்டு லட்சத்தில் தொள்ளாயிரம் யார் கண்ணிலும் படாது. ஆறாயிரத்தில் தொள்ளாயிரம் என்றால் நூற்றுக்குப் பதினைந்து. மனிதர்கள் உறங்கும்போது மனிதர்களால் உண்டாகும் போக்குவரத்தும் அடங்கிவிடும். அடங்காமல் நிற்பது இயந்திரத்தின் வேலை. அது நல்ல வேலையா கெட்ட வேலையா என்பது அடுத்த கேள்வி.

எச்சரிக்கை ஏன் வரவில்லை? அங்கிருந்த விதி, ஒரு கணினியிலிருந்து பெரிய அளவில் தரவு வெளியே போனால் மட்டுமே கத்தும். இங்கே போவது மணிக்குச் சில பத்துக் கிலோபைட்டுகள். ஃபயர்வாலும் தடுக்காது; டிஎன்எஸ் சர்வர் வெளியுலகிடம் முகவரி விசாரிப்பது அன்றாட வேலை என்றே அதற்குச் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வியை எடுத்து நிதானமாகப் படியுங்கள்

ஆயிரம் வரிகளை ஓடவிட்டுப் பார்ப்பதைவிட ஒரு வரியை ஐந்து நிமிடம் பார்ப்பது மேல். அவள் பார்த்த வரி இது:

```
2a2f1.x4tq7bzamk2vgd6yr3pnw5hcjeul7sofi6qy2xktbv4gzm5a.qk3v7hta2ncxw6eyp5jdr4lmu7gobz3fsayi2tqxhv6wkce5.cdn-sync.example
```

புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 63 எழுத்து இருக்கலாம். முழுப் பெயரையும் சேர்த்து ஏறத்தாழ 250 எழுத்து. 1987இல் வந்த டிஎன்எஸ் தரநிலை வகுத்த வரம்பு இது, இன்றும் மாறவில்லை. இங்கே நீண்ட இரண்டு துண்டுகளும் 48 எழுத்துகள், முழு வரி 120 எழுத்துகள். விதியை மீறவில்லை, ஆனால் யாரும் கையால் தட்டக்கூடிய பெயரும் அல்ல.

இந்த எழுத்துகளில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். நீண்ட துண்டுகளில் 0, 1, 8, 9 ஆகிய எண்கள் எங்குமே வரவில்லை. அடுத்தடுத்த வரிகளிலும் வரவில்லை. எழுத்துகள் a முதல் z வரை, எண்கள் 2 முதல் 7 வரை: மொத்தம் 32 குறிகள். இது, எந்தத் தரவையும் 32 குறிகளால் எழுதும் பேஸ்32 குறியாக்கத்தின் முத்திரை. பேஸ்64 இதைவிடச் சிக்கனமானதுதான், ஆனால் அதற்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறுவேறு. டிஎன்எஸ் இரண்டையும் ஒன்றாகவே கருதும். எனவே தரவைப் பெயருக்குள் ஒளித்து அனுப்புகிறவர்கள் பேஸ்32ஐ விரும்புகிறார்கள். எண்கள் அத்தனையும் வந்து, எழுத்துகள் f உடன் நின்றுவிட்டால் அது பதினாறடிமான எண்.

முதல் துண்டான 2a2f1 அப்படிப்பட்டதுதான். அடுத்த வரியில் அது 2a2f2, அதற்கடுத்து 2a2f3. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று கூடுகிறது. அது வரிசை எண் என்று அவள் குறித்துக்கொண்டாள். பின்னால் இதுவே பெரிய உதவியாக ஆகப்போகிறது.

நீண்ட, குழப்பமான பெயர் என்பதற்காக மட்டும் யாரையும் எழுப்பாதீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரு கோப்பின் அடையாளத்தை இப்படிப் பெயருக்குள் வைத்துத் தங்கள் சர்வரிடம் விசாரிப்பதுண்டு. மின்னஞ்சல் சர்வர்கள் அனுப்புநரின் முகவரியைத் திருப்பிப் போட்டுத் தடைப்பட்டியல்களில் தேடும். புதியவர்கள் தவறாகக் கொடி காட்டுவது பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான். பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். நிறுவனத்தில் எத்தனை கணினிகள் இந்த டொமைனை விசாரிக்கின்றன? விசாரித்தவர் பிறகு அங்கே போனாரா?

மூன்றாம் படி: வழி கேட்டவர் போனாரா என்று பாருங்கள்

ஒருவர் நாள் முழுக்க வந்து ஒரே வீட்டுக்கு வழி கேட்கிறார், ஒருமுறைகூட அந்தப் பக்கம் நடப்பதில்லை என்றால், அவருக்கு வழி தேவையில்லை. கேட்பதுதான் அவருடைய வேலை. டிஎன்எஸ் கசிவும் அதே போலத்தான். எல்லாக் கேள்விகளுக்கும் 203.0.113.10 என்ற ஒரே முகவரி பதிலாக வந்துகொண்டிருந்தது. அந்த முகவரிக்கு யாராவது இணைந்தார்களா என்று, வலைப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஜீக் கருவியின் பதிவில் அவள் தேடினாள்:

```
zeek-cut id.resp_h < conn.log | grep -Fxc '203.0.113.10'
```

விடை 0. ப்ராக்ஸி எனும் இடைத்தரகு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் நிறுவனமாக இருந்தால் இந்த 0 எதையும் நிரூபிக்காது. ப்ராக்ஸி பதிவிலும் அந்த டொமைனைத் தேட வேண்டும். அவள் தேடினாள், அங்கும் இல்லை. உலாவிகள் முன்கூட்டியே சில பெயர்களை விசாரித்துவிட்டுப் போகாமல் விடுவதுண்டு. ஆனால் ஒரே டொமைனை மணிக்குத் தொள்ளாயிரம் முறை விசாரித்துவிட்டு எந்த உலாவியும் சும்மா இருக்காது.

பிறகு, கேட்ட பெயர்களில் எத்தனை தனித்தன்மை கொண்டவை என்று எண்ணினாள்:

```
zeek-cut query < dns.log | grep 'cdn-sync\.example$' | wc -l
zeek-cut query < dns.log | grep 'cdn-sync\.example$' | sort -u | wc -l
```

இரண்டு எண்களும் ஒன்றே. அதாவது ஒரு பெயரும் திரும்ப வரவில்லை. ஒரே பெயரை மறுமுறை கேட்டால் டிஎன்எஸ் சர்வர் தன் நினைவிலிருந்தே பதில் சொல்லிவிடும், கேள்வி வெளியே போகாது. ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் என்றால் ஒவ்வொரு முறையும் அது அந்த டொமைனின் சொந்தப் பெயர்ச் சர்வர்வரை போய்ச் சேரும். திருடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பதிலாக வரும் முகவரி வெறும் ஒப்புக்கு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2016இல் ஆய்வாளர்கள் விவரித்த மல்டிகிரெய்ன் என்ற தீநிரல், கடைகளின் கட்டண இயந்திரங்களிலிருந்து அட்டை விவரங்களை இதே வழியில்தான் வெளியே அனுப்பியது. அந்த இடங்களில் மற்ற வழிகள் மூடப்பட்டிருந்தாலும் டிஎன்எஸ் திறந்தே இருக்கும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் படி: உண்மையான கணினியைக் கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அவள் பதிவில் தேடியபோது எல்லாக் கேள்விகளும் 10.20.0.5 என்ற ஒரே முகவரியிலிருந்து போனதாகக் காட்டியது. அது நிறுவனத்தின் உள் டிஎன்எஸ் சர்வர். "டிஎன்எஸ் சர்வர் பாதிக்கப்பட்டுவிட்டது" என்று டிக்கெட் எழுதக் கை துடிக்கும் தருணம் இது. எழுதியிருந்தால் அந்த இரவே நிறுவனம் முழுவதற்கும் இணையம் நின்றிருக்கும், திருடும் கணினியோ நிம்மதியாக இருந்திருக்கும்.

காரணம் எளிது. உங்கள் கண்காணிப்புக் கருவி எந்த இடத்தில் அமர்ந்து பார்க்கிறது என்பதைப் பொறுத்து, அது காணும் அனுப்புநர் மாறுவார். கருவி இணைய வாசலில் இருந்தால், உள்ளே யார் கேட்டாலும், அவர்களுக்காக வெளியே போய்க் கேட்பது டிஎன்எஸ் சர்வர்தான். அதன் பெயர் மட்டுமே தெரியும். முதலில் கேட்டவரைப் பார்க்க, அந்த டிஎன்எஸ் சர்வரின் சொந்தக் கேள்விப் பதிவுக்குப் போக வேண்டும். பல நிறுவனங்களில் அந்தப் பதிவு இயக்கப்படாமலே கிடக்கும். உங்கள் இடத்தில் அது இருக்கிறதா என்று ஒரு சும்மா கிடக்கும் இரவில் இப்போதே பார்த்து வையுங்கள்.

அவளுடைய இடத்தில் இருந்தது. அதில் 10.20.4.37 என்ற ஒரே கணினி மட்டும் அந்த டொமைனைக் கேட்டிருந்தது. சொத்துப் பட்டியலில் அது வாடிக்கையாளர் தரவுத்தளத்திலிருந்து அறிக்கைகள் தயாரிக்கும் விண்டோஸ் சர்வர். அதன்முன் யாரும் உட்கார்ந்து இணையம் பார்ப்பதில்லை. ஒரே ஒரு கணினி, அதுவும் தரவுத்தளத்துக்குச் சாவி வைத்திருக்கும் கணினி. வைரஸ் தடுப்பு போன்ற வழக்கமான மென்பொருளாக இருந்தால் இன்னும் பல கணினிகளும் கேட்டிருக்கும்.

கணினியில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் சிஸ்மான் கருவி அதில் நிறுவப்பட்டிருந்து, டிஎன்எஸ் பதிவும் இயக்கப்பட்டிருந்தால், நிகழ்வு எண் 22 எந்த நிரல் கேட்டது என்பதைச் சொல்லும். விண்டோஸின் வழக்கமான டிஎன்எஸ் சேவை வழியே போகும் கேள்விகள் மட்டுமே அதில் வரும். நிரல் தானே பொட்டலம் கட்டி அனுப்பினால் 22 மௌனமாக இருக்கும். அப்போது வலை இணைப்புகளைக் காட்டும் நிகழ்வு எண் 3இல், 53ஆம் போர்ட்டுக்குப் பேசும் நிரலைத் தேடுங்கள். அவளுக்கு 22லேயே விடை கிடைத்தது. தற்காலிகக் கோப்புறை ஒன்றிலிருந்து ஓடும், அச்சுப்பொறிச் சேவை போலப் பெயர் சூட்டப்பட்ட நிரல்.

ஐந்தாம் படி: எவ்வளவு போயிற்று என்று கணக்கிடுங்கள்

பேஸ்32இல் ஓர் எழுத்து 5 பிட்டுகளைச் சுமக்கும். ஒரு கேள்வியில் 96 எழுத்துகள், அதாவது 480 பிட்டுகள், 60 பைட்டுகள். மணிக்கு 900 கேள்விகள் என்றால் 54,000 பைட்டுகள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.3 மெகாபைட்.

கைப்பேசிப் புகைப்படம் ஒன்றின் அளவுகூட வராது என்று தோன்றலாம். ஆனால் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் கொண்ட ஒரு வரி சுருக்கப்பட்டபின் 40 பைட்டுகள் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு முப்பத்திரண்டாயிரம் பேரின் விவரம் வெளியே போகிறது.

இனி வரிசை எண்ணுக்கு வருவோம். 2a2f1 என்பது பத்தடிமானத்தில் 1,72,785. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் இதுவரை ஏறக்குறைய அத்தனை துண்டுகள் போயிருக்கின்றன: சுமார் 10.4 மெகாபைட். நாளுக்கு 21,600 துண்டுகள் என்ற வேகத்தில் அதற்கு எட்டு நாட்கள் பிடிக்கும். அவளிடமிருந்த பதிவுகளோ ஏழு நாட்களுக்கு உரியவை மட்டும். பதிவுகளை மட்டும் நம்பியிருந்தால் "ஏழு நாட்களாகக் கசிகிறது" என்று எழுதியிருப்பாள். நாம் பார்க்கத் தொடங்கிய நாள் வேறு, கசிவு தொடங்கிய நாள் வேறு. ஊடுருவல் அதற்கும் முன்னால் நடந்திருக்கும்.

இது ஊகத்தின் மேல் நிற்கும் கணக்கு என்பதையும் டிக்கெட்டில் எழுத வேண்டும். வரிசை எண் இடையில் மீண்டும் தொடங்கியிருக்கலாம், சில துண்டுகள் இரண்டு முறை போயிருக்கலாம். "குறைந்தது ஏழு நாட்கள், வரிசை எண்ணின்படி எட்டு நாட்கள் இருக்கலாம்" என்று எழுதினால் காலையில் யாரும் உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள்.

ஆறாம் படி: தொடக்கூடாதவற்றைத் தொடாதீர்கள்

அந்த டொமைனை உலாவியில் திறக்காதீர்கள். அதற்குப் பிங் அனுப்பாதீர்கள். கையால் ஒரு டிஎன்எஸ் கேள்விகூடக் கேட்காதீர்கள். வரிசைக்கு ஒவ்வாத ஒரு கேள்வி வந்தால் மறுமுனையில் இருப்பவருக்கு, யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். சந்தேக நிரலைப் பொதுச் சோதனைத் தளங்களில் ஏற்றவும் கூடாது, அங்கே தாக்குபவரும் தேடிப் பார்ப்பார். டொமைன் எப்போது பதிவானது என்பதை ஆர்டிஏபி அல்லது ஹூயிஸ் மூலம் பார்க்கலாம். அந்தக் கேள்வி பதிவகங்களுக்குப் போகிறதே தவிர, தாக்குபவரின் சர்வருக்குப் போவதில்லை. இந்த டொமைன் மூன்று வாரங்களுக்கு முன்புதான் பதிவாகியிருந்தது.

ஏழாம் படி: தொலைபேசியை எடுங்கள்

மூன்று நாற்பதுக்கு அவள் மூத்த ஆய்வாளரை அழைத்தாள்.

"மன்னிக்கவும், தூக்கத்தில் எழுப்புகிறேன். அறிக்கை சர்வர் 10.20.4.37 டிஎன்எஸ் வழியாகத் தரவு அனுப்புவதாகத் தெரிகிறது. மணிக்கு 54 கிலோபைட், குறைந்தது ஏழு நாட்களாக. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நான் எதையும் தடுக்கவில்லை."

"அந்த டொமைனை வேறு கணினிகள் கேட்கின்றனவா?"

"இல்லை, இது ஒன்றுதான். பதில் முகவரிக்கு ஒரு இணைப்பும் இல்லை, ப்ராக்ஸியிலும் இல்லை. நிரலின் பெயரும் பாதையும் கிடைத்துவிட்டன."

"அந்த முகவரியை ஃபயர்வாலில் தடுக்கலாமா?"

"தடுத்துப் பயனில்லை. யாரும் அங்கே போவதே இல்லை. தரவு நம் டிஎன்எஸ் சர்வர் வழியாகத்தான் போகிறது."

"நல்லது. சோதித்துப் பார்க்கத்தான் கேட்டேன். சர்வரை அணைத்துவிடாதீர்கள், நான் பொறுப்பாளரை அழைத்துவிட்டு வருகிறேன்."

அவள் பேசிய விதத்தைக் கவனியுங்கள். எந்தக் கணினி, என்ன நடக்கிறது, எவ்வளவு, எப்போதிருந்து, நான் என்ன செய்திருக்கிறேன், இவை முதல் மூச்சிலேயே வந்துவிட்டன. "ஏதோ விசித்திரமாக இருக்கிறது" என்று தொடங்கினால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் "காலையில் பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்.

உடனே தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். மேலே போட்ட கணக்கு இங்கே உதவும். ஒப்புதலுக்கு இருபது நிமிடம் காத்திருந்தால் இழப்பு 18 கிலோபைட். யோசிக்காமல் தடுத்தால் தாக்குபவர் விழித்துக்கொண்டு, நமக்குத் தெரியாத இரண்டாம் வழிக்கு மாறலாம், தடயத்தை அழிக்கலாம். இதுவே விநாடிக்குப் பல மெகாபைட் ஓடும் கசிவாக இருந்தால் என் பதில் வேறு: முதலில் துண்டியுங்கள், பிறகு பேசுங்கள். உங்கள் மையத்தின் நடைமுறை ஏடு வேறு மாதிரி சொன்னால் ஏட்டின்படி நடங்கள்.

நாலு மணிக்கு ஒப்புதல் வந்தது. இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடந்தன. அறிக்கை சர்வர், மின்சாரம் அணைக்கப்படாமலே, வலையிலிருந்து மட்டும் தனிமைப்படுத்தப்பட்டது. அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் நிரலும் மறையாக்கச் சாவியும் மறைந்துவிடும். உள் டிஎன்எஸ் சர்வரில் அந்த டொமைனும் அதன்கீழ் வரும் எல்லாப் பெயர்களும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பொறி முகவரிக்குத் திருப்பப்பட்டன. வெறுமனே மறுப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் இன்னொரு பாதிக்கப்பட்ட கணினி எங்காவது உறங்கிக்கொண்டிருந்து நாளை விழித்தால் அதன் பெயர் பொறியில் பதிவாகும். அந்தச் சர்வர் பயன்படுத்திய தரவுத்தளக் கடவுச்சொல்லையும் உடனே மாற்றினார்கள்.

எட்டாம் படி: கைமாற்றுக் குறிப்பு

அவள் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது, நேரங்கள் அனைத்தும் யுடிசியில்:

"பதிவில் முதல் கேள்வி, கடைசிக் கேள்வி, தனிமைப்படுத்திய நொடி: இணைப்பில். உறுதியானவை: ஒரே கணினி, ஒரே நிரல், திரும்ப வராத பெயர்கள், பேஸ்32 குறிகள், பதில் முகவரிக்கு இணைப்பு இல்லை. ஊகம்: மொத்தம் சுமார் 10.4 மெகாபைட், எட்டு நாட்கள். தெரியாதவை: நிரல் எப்படி உள்ளே வந்தது, போன தரவு என்ன. பதிவுகள் ஏழு நாளில் அழியும் அமைப்பில் இருப்பதால் தனியே பிரதி எடுத்து, அது மாறவில்லை என்று காட்ட அதன் ஹாஷ் மதிப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன்."

கடைசி வாக்கியத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். அவள் பிரதி எடுக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் பழைய பதிவின் ஒரு பகுதி தானாக அழிந்துகொண்டே இருந்திருக்கும்.

போன தரவு என்ன என்ற கேள்விக்குக் காலைக் குழு விடை தேடியது. முழுப் பெயர்களும் பதிவில் இருந்ததால் வரிசை எண்படி அடுக்கி, துண்டுகளை ஒட்டி, பேஸ்32ஐ அவிழ்த்தார்கள். படிக்கக்கூடிய எழுத்து ஒன்றும் வரவில்லை; சுருக்கப்பட்ட அல்லது மறையாக்கப்பட்ட தரவு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. சுருக்கப்பட்ட கோப்பு என்றாலும் அதன் தொடக்கம் எட்டாம் நாளோடு அழிந்துபோன பதிவில் இருந்தது, தொடக்கம் இல்லாமல் அதை விரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். எனவே அணைக்காமல் வைத்திருந்த சர்வருக்கே திரும்பினார்கள். நிரல் இருந்த அதே தற்காலிகக் கோப்புறையில், அனுப்பி முடிக்கப்படாத 31 மெகாபைட் கோப்பு ஒன்று கிடந்தது. நினைவகப் பிரதியிலிருந்து சாவியை எடுத்து அதைத் திறந்தபோது வாடிக்கையாளர் பட்டியலின் முதல் வரி தெரிந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீதி அங்கேயே நின்றுவிட்டது.